கண் ஆபரேஷனுக்குப் பிறகு தெளிந்த பார்வை மறுபடி மங்கினால்

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த வாரம் கண்புரை ஆபரேஷன். அம்மாவுக்குச் சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்து, மாதம் ஒரு ஊசி கண்ணுக்குள்ளேயே போடுகிறார்கள். இரண்டிலுமே அபூர்வமாக உள்ளே சீழ் பிடித்துப் பார்வையே போய்விடும் என்று கேள்விப்பட்டதிலிருந்து பயமாக இருக்கிறது. அப்படி ஆனால் வீட்டில் இருக்கிற எங்களுக்கு முதலில் எப்படித் தெரியும்? என்ன செய்ய வேண்டும்?

பதில்:

நான் விழித்திரைப் பிரிவில் வேலை பார்க்கும் கண் மருத்துவர். நீங்கள் சொல்லும் நோயின் பெயர் எண்டாப்தால்மைடிஸ். முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கோ ஊசிக்கோ பிறகு தெளிந்துகொண்டு வந்த பார்வை திரும்பவும் மங்க ஆரம்பித்தால், அதுதான் அடையாளம். வலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிவப்பு இருக்கலாம், லேசாக மட்டும் இருக்கலாம். பார்வை இறங்குவதுதான் முக்கியம். அப்படி இறங்கினால் காலையா இரவா என்று பார்க்காமல் அப்போதே கிளம்ப வேண்டும்.

அபூர்வம் என்று சொல்வது உண்மைதான். நல்ல முறையில் செய்யப்படும் கண்புரை ஆபரேஷனில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. கண்ணுக்குள் போடும் ஊசியில் இரண்டாயிரம், மூவாயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். ஆனால் அம்மாவுக்கு ஊசி மாதாமாதம் போடுவதால், ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன அபாயம் புதிதாகத் தொடங்குகிறது. பத்து ஊசி நல்லபடியாகப் போனது என்பதால் பதினொன்றாவதைக் கவனிக்காமல் விட முடியாது.

இது ஏன் இவ்வளவு அவசரம் என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும். கண்ணின் உள்ளே லென்ஸுக்குப் பின்னால் உள்ள பெரிய அறையில், முட்டையின் வெள்ளைக்கருவைப் போன்ற கூழ் நிறைந்திருக்கிறது. அதை விட்ரியஸ் என்போம். அதில் ரத்தக் குழாயே கிடையாது. உடம்பில் வேறெங்காவது கிருமி புகுந்தால் ரத்தம் வழியாக வெள்ளையணுக்கள் ஓடி வரும், மாத்திரையில் உள்ள மருந்தும் வந்து சேரும். இங்கே இரண்டும் சரியாக வந்து சேராது. சொட்டு மருந்தோ கண்ணின் முன்பக்கத்தைத் தாண்டிப் போதுமான அளவில் பின்னால் போகாது. ஆக, உள்ளே போன கிருமிக்கு அது நல்ல வளர்ப்பிடம். அந்தக் கூழை ஒட்டியே விழித்திரை இருக்கிறது. கிருமி விடும் நச்சும், தாமதமாக வந்து சேரும் வெள்ளையணுக்கள் கொட்டும் ரசாயனமும் சேர்ந்து விழித்திரையின் செல்களைக் கொல்கின்றன. செத்த செல் திரும்ப முளைக்காது. அதனால்தான் இங்கே நாள் கணக்கு உதவாது, மணிக் கணக்கில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. நோயாளியின் சொந்த இமை ஓரத்திலும் இமையின் உட்புறத்திலும் எப்போதும் வாழ்கிற, வேறெந்தத் தொல்லையும் தராத ஸ்டஃபைலோகாக்கஸ் வகைதான் அதிகம். ஆபரேஷன் செய்த சின்ன வெட்டு வழியாகவோ ஊசி முனையோடு சேர்ந்தோ உள்ளே போய்விடுகிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவருக்கு இது வந்துவிட்டால், "தலைக்குக் குளித்தாயே", "அடுப்பு பக்கம் போனாயே" என்று வீட்டில் அவரைக் குறை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே சிலர் பார்வை குறைந்ததை வெளியில் சொல்வதில்லை. தயவுசெய்து அப்படி ஒரு சூழ்நிலையை உண்டாக்காதீர்கள்.

இப்போது வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். கண்புரை ஆபரேஷன் முடிந்த மறுநாள் கட்டு பிரித்ததும் அப்பாவுக்குக் கொஞ்சம் மூட்டமாகத் தெரியலாம். மணல் விழுந்த மாதிரி உறுத்தும், நீர் வடியும், வெளிச்சம் கூசும், வெள்ளை விழியில் சிவப்பு இருக்கும். இதெல்லாம் சாதாரணம். இரண்டாம் நாள் அதைவிட நன்றாக இருக்க வேண்டும், மூன்றாம் நாள் இன்னும் நன்றாக. எந்த நாளிலும் முந்தைய நாளைவிடக் கீழே போகக் கூடாது. எண்டாப்தால்மைடிஸ் பெரும்பாலும் முதல் ஒரு வாரத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தலைகாட்டும். அதாவது முதல் நாள் பரிசோதனையில் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று டாக்டர் சொல்லி அனுப்பி, வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கும் நேரத்தில். அதனால் ஒரு சின்னப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் ஒரே நாற்காலியில் உட்கார வைத்து, நல்ல கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையால் மறைத்து, சுவரில் இருக்கும் தினசரி காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நேற்று தேதி தெரிந்தது, இன்று தேதி கலங்குகிறது என்றால் அதுவே போதும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் நல்ல கண் எல்லாவற்றையும் மறைத்துவிடும். பலர் இரண்டு நாள் தாமதமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலியை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்று முன்பே சொன்னேன். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இந்த நோய்க்கான சிகிச்சையை இன்றைக்கும் வழிநடத்துகிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு இது வந்த 420 பேரை அதில் பார்த்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வலியே இல்லை. ஆனால் பார்வை மங்கல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருந்தது. வலி வரும்போது அது வேறு மாதிரி இருக்கும். உறுத்தலாக இல்லாமல் கண்ணுக்குள் ஆழமாக, விண்விண்ணென்று, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற வலியாக இருக்கும். இமை வீங்கும்.

இன்னொரு அடையாளத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் சில சமயம் வீட்டிலேயே காணலாம். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, கருவிழியின் அடி ஓரத்தில், அதன் வட்டத்துக்குள்ளேயே, பாலாடை நிறத்தில் ஒரு பிறை படிந்திருக்கும். மேல் விளிம்பு நேர்கோடாக இருக்கும். கண்ணின் முன்னறையில் தேங்கிய சீழணுக்கள் கனத்தால் கீழே இறங்கிப் படிவதால் அப்படி. படுத்தே இருப்பவருக்கு அந்தக் கோடு கலைந்து போய்த் தெரியாமல் இருக்கும், எனவே உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். அது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், புறப்படுங்கள். தெரியாவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் மட்டும் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகவும் இருக்கும்.

அம்மாவின் விஷயம் கொஞ்சம் வேறு. ஊசி போட்ட அன்று கண் எரியும். அது பெரும்பாலும் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் போவிடோன் அயோடின் தரும் எரிச்சல், இரவுக்குள் அடங்கும். ஊசி குத்திய இடத்தில் வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு தெரியலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் பார்வை குறையாதவரை அதனால் ஆபத்தில்லை. கண் முன்னால் ஓரிரண்டு கரும்புள்ளியோ குமிழோ மிதந்து ஓரிரு நாளில் மறையும். ஆனால் இரண்டாம், மூன்றாம் நாளில் புகை மூடியது போல மங்கி, மிதக்கும் புள்ளிகள் கூடிக்கொண்டே போனால் அது கெட்ட அறிகுறி. ஊசிக்குப் பிறகு வருவதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமியின் பங்கு, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வருவதைவிட அதிகம். அது நம் வாயிலும் தொண்டையிலும் குடியிருப்பது. ஊசி போடும்போது டாக்டரும் நர்ஸும் முகக்கவசம் போட்டு, பேசாமல் இருப்பதும், அம்மாவையும் பேச வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். அந்தக் கிருமி மிக வேகமாக அழிக்கும். காலையில் ஆரம்பித்தால் மாலைக்குள் கண் போய்க்கொண்டிருக்கும்.

ஒருவருடைய கதையை அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய அம்மா, வீட்டில் எல்லா வேலையும் அவர்தான். திங்கட்கிழமை வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன். செவ்வாய் அன்று அட்டையில் ஆறாவது வரிசை வரை படித்தார். வியாழன் மாலை கொஞ்சம் சிவந்தது. ஊரில் அப்போது மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்தது. பேத்திக்கும் வந்து போயிருந்தது, ஆகவே வீட்டில் யாரும் வேறு மாதிரி நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டார்கள். அன்று இரவு தலைவலி என்று சொல்லிப் படுத்தார். சனிக்கிழமை காலை மகன் காபி கொடுக்கும்போது டம்ளரைத் தடவித் தேடினார். அப்போதுதான் புரிந்தது.

மெட்ராஸ் ஐயில் கண் சிவக்கும், பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை பழையபடி இருக்கும். துடைத்த பிறகும் பார்வை தெளியவில்லை என்றால் அது மெட்ராஸ் ஐ என்று வீட்டில் முடிவு செய்யக் கூடாது. ஆபரேஷன் ஆன கண் என்றால் துடைத்துப் பார்க்கும் சோதனைகூட வேண்டாம், ஆறு வாரம் வரை எந்தச் சிவப்பையும் ஆபரேஷன் செய்த இடத்தில் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தரும் சொட்டு மருந்து சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பைக் குறைத்துக் காட்டி ஒரு நாளைத் தின்றுவிடும், உள்ளே கிருமி வளர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த அம்மா மதியம் எங்களிடம் வந்து சேர்ந்தபோது கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினால் அசைவது மட்டும் தெரிந்தது. முன்னறையில் சீழ் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்கு இருந்தது. விழித்திரையைப் பார்க்கவே முடியவில்லை, அதனால் ஒலி அலையால் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் பி-ஸ்கேன் எடுத்தோம். விட்ரியஸ் கலங்கியிருந்தது, விழித்திரை பிரியவில்லை. இந்த நிலையில் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை விவரமாகச் சொல்கிறேன். "கண்ணுக்குள் மறுபடி ஊசியா" என்று நோயாளிகள் தயங்கும் கட்டம் இதுதான்.

மரத்துப் போக மருந்து கொடுத்து, போவிடோன் அயோடினால் சுத்தம் செய்து, கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் தள்ளி ஒரு மெல்லிய ஊசியை உள்ளே செலுத்துவோம். முதலில் கலங்கிய விட்ரியஸில் 0.1 முதல் 0.3 மில்லி வரை உறிஞ்சி எடுக்க வேண்டும். அது கிருமியை அடையாளம் காண லேபுக்குப் போகும். எடுத்த பிறகுதான் மருந்து. முதலிலேயே ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால், லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம். அதே அமர்வில் வான்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்டாசிடைம் 2.25 மில்லிகிராம், இரண்டையும் தலா 0.1 மில்லி திரவத்தில் செலுத்துவோம். முதலாவது ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கு. இரண்டாவது சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு. ஒரே சிரிஞ்சில் கலந்தால் இரண்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், ஆகவே தனித்தனி சிரிஞ்சு, தனித்தனி ஊசி. அளவும் விளையாட்டல்ல. பெரிய பாட்டிலில் இருக்கும் மருந்தை இரண்டு முறை நீர்க்கச் செய்துதான் அந்த 0.1 மில்லியைத் தயாரிக்கிறோம், இடையில் தவறு நேர்ந்தால் மருந்தே விழித்திரையைக் கெடுக்கும். அதனால் கணக்கை இரண்டு பேர் சரிபார்ப்பது நல்ல வழக்கம்.

அதே 1995 ஆய்வுதான் அடுத்த முடிவுக்கும் வழி சொல்கிறது. விட்ரெக்டமி என்ற ஆபரேஷனில் கலங்கிய விட்ரியஸை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்கிறோம். வந்தபோதே வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்ற நிலையில் இருந்தவர்களுக்கு உடனடி விட்ரெக்டமி தெளிவாக உதவியது. அவர்களில் 6/12 பார்வைக்கு, அதாவது நல்ல கண் 12 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டரிலிருந்து படிக்கும் அளவுக்குத் திரும்பியோர் விட்ரெக்டமி செய்தபோது 33 சதவீதம், வெறும் ஊசியோடு நின்றபோது 11 சதவீதம். கை அசைவோ அதற்கு மேலோ தெரிந்தவர்களுக்கு இரண்டு வழியும் ஒரே பலன் தந்தன. ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்த ஆன்டிபயாடிக் தனியாக எந்த நன்மையும் சேர்க்கவில்லை. இதனால்தான் டிரிப்ஸ் ஏற்றிக் காலை வரை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த ஆய்வு கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவர்களைப் பற்றியது மட்டும்தான். ஊசிக்குப் பிறகு வேகமாக மோசமாகும் கண்ணில் கை அசைவு தெரிந்தாலும் பல விழித்திரை நிபுணர்கள் சீக்கிரமே விட்ரெக்டமிக்குப் போகிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். நம் நாட்டில் கிராம் நெகட்டிவ் கிருமிகளும் பூஞ்சையும் அமெரிக்காவைவிட அதிகமாக வருவதால் லேப் முடிவுக்கும் கூடுதல் கவனம் தேவை.

அந்த அம்மாவுக்குக் கை அசைவு தெரிந்ததால் ஊசியோடு நிறுத்தினோம். அன்று மாலையே லேபிலிருந்து கொத்துக் கொத்தான கிராம் பாசிட்டிவ் கிருமிகள் என்று தகவல் வந்தது, ஸ்டஃபைலோகாக்கஸ் என்று ஊகிக்க முடிந்தது. ஞாயிறு காலை கண் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் மோசமாகவே தெரிந்தது. மகன் கலங்கிப் போனார். கிருமி சாகும்போது அழற்சி கொஞ்சம் கூடுவது வழக்கம், முதல் 24 மணி நேரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. திங்கட்கிழமை வலி அடங்கி, சீழ் பாதியாகக் குறைந்தது. கண்ணுக்குள் போட்ட மருந்து ஏறக்குறைய இரண்டு நாள்தான் தாக்குப்பிடிக்கும். அந்தச் சமயத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடி ஊசி அல்லது விட்ரெக்டமி என்று முடிவு செய்திருப்போம். இவருக்குத் தேவைப்படவில்லை. கல்ச்சரில் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் உறுதியானது. கூடவே ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கண்ணின் பாப்பாவை விரிய வைக்கும் அட்ரோபின் சொட்டும் ஓடின. இரண்டு மாதத்தில் கண்ணாடி போட்டு 6/12 வந்தது. சமையல், கோலம் எல்லாம் செய்கிறார், ஊசியில் நூல் கோக்க மட்டும் பேத்தியைக் கூப்பிடுகிறார். அந்த ஆய்விலும் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை பெற்றார்கள். இதே இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருந்திருந்தால் இந்த முடிவை நான் எதிர்பார்த்திருக்க மாட்டேன்.

தப்பாகக் குழம்பக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் ஆன 12 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே கண்ணின் முன்னால் கண்ணாடி போல் இருக்கும் கார்னியா முழுக்கப் பால் போல் வெளுத்து, வலி அதிகமில்லாமல் பார்வை மங்கினால் அது கிருமியால் அல்லாத நச்சு அழற்சியாக இருக்கலாம். ஊசிக்குப் பிறகும் மருந்தாலேயே அப்படி வருவதுண்டு. அவை ஸ்டீராய்டு சொட்டுக்குக் கட்டுப்படும். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது டாக்டருக்கே சிரமம், சந்தேகம் இருந்தால் தொற்று என்று வைத்துக்கொண்டுதான் சிகிச்சை தொடங்குவோம். பல மாதம் கழித்து மெதுவாக வரும் வகையும் உண்டு. ஸ்டீராய்டு சொட்டு விட்டால் தெளிவதும் நிறுத்தினால் மங்குவதுமாக இழுத்துக்கொண்டு போகும். அதற்குத் தனிச் சிகிச்சை.

ஆபரேஷனுக்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியவை சில. கண்ணிலிருந்து மூக்குக்கு நீர் இறங்கும் பாதை அடைபட்டிருக்கிறதா என்று அப்பாவுக்குப் பார்த்தார்களா? அங்கே சீழ் தேங்கியிருந்தால் அதை முதலில் சரி செய்ய வேண்டும். ஆபரேஷனுக்குச் சற்று முன் கண்ணுக்குள் 5 சதவீத போவிடோன் அயோடின் விட்டுச் சில நிமிடம் வைப்பது எல்லா இடத்திலும் நடக்க வேண்டியது. ஆபரேஷன் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கை முன்னறையில் செலுத்துவார்களா என்றும் கேளுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் இதைப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். அது இல்லாதபோது பத்தாயிரத்துக்கு 7 என்று இருந்த தொற்று, செலுத்தியபோது 2 ஆகக் குறைந்தது. கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வீட்டில் சொட்டு மருந்து விடும் முன் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், பாட்டில் முனை இமையில் படக் கூடாது. டாக்டர் சொல்லும்வரை கண்ணில் தண்ணீர் பட வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும் அவசர எண்ணை அன்றே ஒருமுறை இரவில் கூப்பிட்டுப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று. அங்கே இரவில் விழித்திரை டாக்டர் இருக்கிறாரா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற பெரிய இடமோ, விழித்திரைப் பிரிவு உள்ள வேறு மருத்துவமனையோ, உங்களுக்கு எது பக்கம் என்று தெரிந்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

கிளம்ப வேண்டி வந்தால் கண்ணை அழுத்திக் கட்டாதீர்கள், கழுவாதீர்கள், புதிதாக எதையும் விடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் விட்டுக்கொண்டிருந்த சொட்டு மருந்துகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் "கண் சிவந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னால் நாளைக் காலை ஓ.பி.க்கு வரச் சொல்லிவிட வாய்ப்பு இருக்கிறது. எந்தக் கண், என்றைக்கு ஆபரேஷன் அல்லது ஊசி, நேற்று என்ன தெரிந்தது, இன்று என்ன தெரியவில்லை என்ற நான்கையும் சொல்லி, எண்டாப்தால்மைடிஸாக இருக்குமோ என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். உடனே வரச் சொல்வார்கள். அப்படியும் காலையில் வரச் சொன்னால், அதை ஒப்புக்கொள்ளாமல் விழித்திரைப் பிரிவு உள்ள அடுத்த இடத்துக்கு அன்றிரவே அழைத்துப் போங்கள்.